கேள்வி எழுதும் முன் கட்டம் போடுவது: 50 மதிப்பெண் அறிவியல் தாளுக்கு ஒரு ப்ளூபிரிண்ட்

*கேள்வி: பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு இடைத்தேர்வு வினாத்தாள் எடுக்க வேண்டும். 50 மதிப்பெண், ஒன்றரை மணி நேரம், நான்கு பாடங்கள். வழக்கமாகக் கேள்விகளை எழுதி முடித்துவிட்டு, கடைசியில் ஃபைலுக்காக ஒரு ப்ளூபிரிண்ட் போட்டு வைப்போம். இந்த முறை முதலில் ப்ளூபிரிண்ட், பிறகுதான் கேள்வி என்று சொல்லிவிட்டார்கள். பாடம், மதிப்பெண், சிந்தனை நிலை மூன்றையும் ஒரே நேரத்தில் எப்படிச் சரிக்கட்டுவது? எங்கிருந்து தொடங்க வேண்டும்?*

கேள்விகளை எழுதிய பிறகு போடும் ப்ளூபிரிண்ட் எப்போதும் சரியாகவே வரும். கூட்டுத்தொகை இடித்தால் ஒரு கேள்வியின் பெயரை மாற்றிவிடுவோம். 'புரிதல்' என்று போட்டிருந்ததை 'பயன்பாடு' என்று திருத்தினால் கணக்கு நேராகிவிடும், ஆனால் கேள்வி மாறியிருக்காது. அப்படி ஆன தாளைப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரியும். எழுத எளிதான பாடத்திலிருந்து கேள்விகள் குவிந்திருக்கும். பாதிக்கு மேல் மனப்பாடமாக இருக்கும். கடைசியாக நடத்திய பாடம் ஒரு மதிப்பெண் கேள்விகளோடு நின்றுவிடும். முன்கூட்டியே கட்டம் போடுவதன் நோக்கம் இந்த மூன்றையும் தடுப்பதுதான்.

தொடங்க வேண்டிய இடம் கட்டம் அல்ல. அதற்கு முன் ஒரு தாளில் நான்கு முடிவுகளை எழுதிக்கொள்ளுங்கள்: எந்தப் பாடத்துக்கு எவ்வளவு, எந்தச் சிந்தனை நிலைக்கு எவ்வளவு, என்னென்ன வகை வினாக்கள், சாய்ஸ் எப்படி. இந்த நான்கையும் தனித்தனியாக முடிவு செய்தால் கட்டத்தின் ஓரங்களில் வரும் கூட்டுத்தொகைகள் கிடைத்துவிடும். உள்ளே நிரப்புவது அதற்குப் பிறகு. மாணவர்கள் 'ப்ளூபிரிண்ட்' என்று சொல்வது பெரும்பாலும் 'எந்தப் பாடத்தில் எத்தனை மார்க்' என்ற பட்டியலை மட்டும்தான். அது ஒரே ஒரு ஓரம். நமக்கு முழுக் கட்டமும் வேண்டும்.

பாடத்துக்கு எவ்வளவு

உங்கள் நான்கு பாடங்கள் எவை என்று சொல்லவில்லை. ஆகவே இயக்க விதிகள், ஒளியியல், அணுக்களும் மூலக்கூறுகளும், தாவர உள்ளமைப்பியலும் செயலியலும் என்று வைத்துக்கொண்டு ஒரு தாளையே போட்டுப் பார்ப்போம். உங்கள் பாடங்கள் வேறானால் எண்கள் மாறும், முறை அதேதான்.

பாடத்தின் எடையைப் பக்க எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். உயிரியல் பாடத்தில் படங்கள் இடத்தை அடைக்கும். இயற்பியலில் ஒரு பக்கக் கணக்கை நடத்த இரண்டு பாடவேளை போகும். நடத்திய பாடவேளைகள்தான் நம்பத்தகுந்த அளவுகோல், அதிலும் திருப்புதலுக்குப் போனவற்றைக் கழித்துவிட வேண்டும். மேலே சொன்ன வரிசையில் 10, 8, 7, 7 என்று மொத்தம் 32 பாடவேளை ஆனது என்று கொள்வோம். 50-ஐ 32-ஆல் வகுத்தால் ஒரு பாடவேளைக்கு ஏறக்குறைய 1.56 மதிப்பெண். அப்படிப் பார்த்தால் பாடங்களுக்கு 15.6, 12.5, 10.9, 10.9 என்று வரும். முழு எண்ணாக்கினால் 16, 12, 11, 11. கூட்டினால் சரியாக 50.

எல்லாத் தேர்விலும் இவ்வளவு நேர்த்தியாக வராது. 7 மதிப்பெண் வினாவை உடைத்து இரண்டு பாடங்களுக்குப் பங்கு போட முடியாது என்பதால், ஒரு பாடத்துக்கு இரண்டு மதிப்பெண் வரை கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை என்று முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் விலகினால் வினா வகையைத்தான் மாற்ற வேண்டும், பாடத்தின் எடையை அல்ல.

சிந்தனை நிலைக்கு எவ்வளவு

புளூமின் வகைப்பாட்டில் ஆறு நிலைகள் உண்டு. 1956-இல் வந்த அதை 2001-இல் திருத்தியபோதும் ஆறாகவே வைத்தார்கள். 50 மதிப்பெண் தாளில் ஆறு நிலைகளையும் நான்கு பாடங்களையும் குறுக்கே போட்டால் 24 கட்டங்கள் வரும். கேள்விகளோ 20-தான், பாதிக் கட்டம் காலியாகக் கிடக்கும். நான்கு நிலைகள் போதும்: அறிவு, புரிதல், பயன்பாடு, உயர்சிந்தனை. பகுத்தாய்வதும் மதிப்பிடுவதும் புதிதாக உருவாக்குவதும் கடைசிக்குள் அடங்கும்.

இந்தத் தாளுக்கு அறிவு 30 சதவீதம், புரிதல் 40, பயன்பாடு 20, உயர்சிந்தனை 10 என்று வைப்போம். மதிப்பெண்ணில் 15, 20, 10, 5. இது சட்டம் ஒன்றுமில்லை. ஆண்டின் தொடக்கத்தில் அறிவைக் கொஞ்சம் கூட்டலாம், திருப்புதல் தேர்வில் குறைக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சதவீதத்தை எப்போதும் மதிப்பெண்ணில் கணக்கிட வேண்டும், கேள்விகளின் எண்ணிக்கையில் அல்ல. 20 கேள்விகளில் 6 உயர்நிலைக் கேள்விகள் என்று எண்ணிக்கையில் 30 சதவீதம் காட்டிவிட்டு, ஆறும் ஒரு மதிப்பெண் வினாவாக இருந்தால் உண்மையில் அது 12 சதவீதம்தான்.

இப்போது பெரிய சிக்கலுக்கு வருவோம். ஒரு கேள்வி எந்த நிலை என்பதை அதன் வினைச்சொல் சொல்லாது. 'விளக்குக', 'ஒப்பிடுக', 'காரணம் கூறுக' என்று இருந்தாலே அது உயர்ந்த நிலை என்று பட்டியலைப் பார்த்துப் போட்டுவிடுகிறோம். புத்தகத்திலேயே வேறுபாட்டு அட்டவணை இருந்தால் 'ஒப்பிடுக' என்பது வெறும் நினைவுகூரல்தான். கணக்கும் அப்படியே. வகுப்பில் போட்ட கணக்கில் எண்ணை மட்டும் மாற்றினால் அது பயன்பாட்டின் அடித்தட்டில்தான் நிற்கும். எண்ணையும் மாற்றாமல் கொடுத்தால் அறிவு. நியூட்டனின் இரண்டாம் விதியிலிருந்து விசையின் சமன்பாட்டைத் தருவிப்பது பார்வைக்குப் பெரிய கேள்வி. ஆனால் புத்தகத்தில் உள்ளபடியே எழுதச் சொன்னால் அதையும் அறிவு என்ற கட்டத்தில்தான் போட வேண்டும். மாணவர் இதை முன்பு பார்த்திருக்கிறாரா, பார்த்திருந்தால் எந்த அளவுக்கு என்பதே நிலையைத் தீர்மானிக்கிறது.

லிஃப்ட் பற்றிய ஒரே பகுதியை நான்கு நிலையிலும் கேட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 'லிஃப்ட் மேல்நோக்கி முடுக்கமடையும்போது தோற்ற எடைக்கான சமன்பாடு எது?' என்பது அறிவு. 'லிஃப்ட் சீரான திசைவேகத்தில் போகும்போது தோற்ற எடை ஏன் மாறுவதில்லை?' என்பது புரிதல். '50 கி.கி நிறையுள்ளவர் நிற்கும் லிஃப்ட் 2 மீ/வி² முடுக்கத்துடன் மேலே செல்கிறது, g = 10 மீ/வி², தோற்ற எடை எவ்வளவு?' என்பது பயன்பாடு. R = m(g + a) என்று போட்டால் 600 நியூட்டன் வரும்.

நான்காவது இது: 'அதே நபர் லிஃப்டுக்குள் ஓர் எடைக்கருவி மீது நிற்கிறார். நின்றிருந்த லிஃப்ட் கிளம்பியதிலிருந்து மீண்டும் நிற்கும்வரை கருவி முதலில் 600, பிறகு 500, கடைசியில் 400 நியூட்டன் காட்டியது. லிஃப்ட் மேலே போனதா, கீழே வந்ததா? ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடந்தது?' நின்ற நிலையிலிருந்து முதலில் 600 காட்டியதால் முடுக்கம் மேல்நோக்கி, ஆகவே லிஃப்ட் மேலே போகிறது. நடுவில் சீரான வேகம், கடைசியில் வேகம் குறைந்து நிற்கிறது. இதற்குச் சூத்திரம் மட்டும் தெரிந்தால் போதாது, 400 என்றதும் 'கீழே இறங்குகிறது' என்று எழுதும் பழக்கத்தை மாணவர் தாண்ட வேண்டும். இந்தக் கேள்வியை வகுப்பில் ஒருமுறை விவாதித்துவிட்டால் அடுத்த தேர்வில் இது உயர்சிந்தனை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடினத்தன்மை வேறு, சிந்தனை நிலை வேறு. புத்தகத்தின் ஓரப்பெட்டியில் இருக்கும் ஓர் ஆண்டைக் கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் தவற விடுவார்கள், அது கடினமான அறிவு வினா. மேலே உள்ள 600 நியூட்டன் கணக்கு எளிதான பயன்பாட்டு வினா. கடினம், நடுத்தரம், எளிது என்று ஒரு பங்கீடு கேட்டால் அதைத் தனியாகக் குறியுங்கள், கட்டத்துக்குள் கலக்காதீர்கள்.

வினா வகைகள்

பொதுத்தேர்வின் அறிவியல் தாள் 12 ஒரு மதிப்பெண், 7 இரண்டு மதிப்பெண், 7 நான்கு மதிப்பெண், 3 ஏழு மதிப்பெண் என்று 75-க்கு அமைந்திருக்கிறது. அதே வகைகளை வைத்துச் சுருக்கினால் 8 ஒரு மதிப்பெண், 6 இரண்டு மதிப்பெண், 4 நான்கு மதிப்பெண், 2 ஏழு மதிப்பெண் வரும். அதாவது 8, 12, 16, 14, மொத்தம் 50.

இங்கேயே நேரத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரு மதிப்பெண்ணுக்கு 1 நிமிடம், இரண்டு மதிப்பெண்ணுக்கு 3, நான்குக்கு 7, ஏழுக்கு 12 என்று போட்டால் 8 + 18 + 28 + 24 = 78 நிமிடம். தாளைப் படிக்க 5 நிமிடம் போனால் 90-இல் 7 நிமிடம் மிச்சம். இதற்குக் குறைவாக மிச்சமானால் கேள்விகளைக் குறைக்க வேண்டும். யோசிக்க வேண்டிய கேள்விகள் கடைசியில்தான் எழுதப்படும், நேரம் போதாத தாளில் முதலில் அடிபடுவது அவைதான். அப்போது 10 சதவீத உயர்சிந்தனை தாளில் இருக்கும், விடைத்தாளில் இருக்காது.

கட்டத்தை நிரப்புவது

பெரிய கற்களை முதலில் போடுங்கள். 7 மதிப்பெண் இரண்டையும், பிறகு 4 மதிப்பெண் நான்கையும் வைத்துவிட்டு, மிச்ச இடைவெளியை 2, 1 மதிப்பெண்களால் அடைக்க வேண்டும். ஒரு மதிப்பெண்ணிலிருந்து தொடங்கினால் கடைசியில் 7-ஐ வைக்க எந்தப் பாடத்திலும் இடம் இருக்காது.

7 மதிப்பெண் வினாவை முழுக்க ஒரே நிலையில் வைக்க வேண்டியதில்லை. அ, ஆ என்று பிரித்து 4-ம் 3-ம் ஆக்கினால் இரண்டு நிலைகளுக்குப் பயன்படும். இயக்க விதிகளில் 4 மதிப்பெண் தருவித்தல், 3 மதிப்பெண் கணக்கு. தாவரப் பாடத்தில் 4 மதிப்பெண் விளக்கம், 3 மதிப்பெண் உயர்சிந்தனை. கீழே நட்சத்திரம் போட்டவை இந்த 7 மதிப்பெண் வினாக்களின் துண்டுகள்.

| பாடம் | அறிவு | புரிதல் | பயன்பாடு | உயர்சிந்தனை | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| இயக்க விதிகள் | 4* + 1 | 4 + 2 | 3* + 2 | – | 16 |
| ஒளியியல் | 2 + 1 | 4 + 1 | 4 | – | 12 |
| அணுக்களும் மூலக்கூறுகளும் | 2 + 1 | 4 + 1 | 1 | 2 | 11 |
| தாவர உள்ளமைப்பியல், செயலியல் | 2 + 1 + 1 | 4* | – | 3* | 11 |
| மொத்தம் | 15 | 20 | 10 | 5 | 50 |

கட்டத்தில் ஒவ்வொரு எண்ணும் ஒரு கேள்வியின் மதிப்பெண். பழைய முறைப்படி அடைப்புக்குறிக்குள் கேள்விகளின் எண்ணிக்கை, வெளியே மதிப்பெண் என்று எழுதுவோரும் உண்டு. சிலர் அதையே தலைகீழாக எழுதுவார்கள், 2(1) என்பதை இருவர் இரண்டு விதமாகப் படிப்பார்கள். கேள்விக்கு ஓர் எண் என்று கூட்டல் குறி போட்டு எழுதினால் இந்தக் குழப்பமே வராது.

மூன்று கோடிட்ட கட்டங்கள் இருக்கின்றன. எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. உயர்சிந்தனைக்கு 5 மதிப்பெண்தான் இருக்கும்போது அதை நான்கு பாடங்களுக்கும் பிய்த்துக் கொடுத்தால் எல்லாம் ஒரு மதிப்பெண் வினாவாகிவிடும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் ஊகத்துக்கே கால் பங்கு வாய்ப்பு உண்டு என்பதால் அங்கே மாணவரின் சிந்தனை நமக்குத் தெரியாது. இந்தத் தேர்வில் காலியாக விட்ட கட்டத்தை அடுத்த தேர்வில் நிரப்பினால் போதும்.

சாய்ஸ்: கட்டம் உடையும் இடம்

மேலே உள்ள கட்டம் மாணவர் விடை எழுத வேண்டிய 50 மதிப்பெண்ணுக்கானது. தாளில் அச்சாகும் கேள்விகள் இதைவிட அதிகம். 'எட்டில் ஏதேனும் ஆறு', 'ஆறில் ஏதேனும் நான்கு' என்று கொடுத்தால் இரண்டு மதிப்பெண்ணில் இரண்டும், நான்கு மதிப்பெண்ணில் இரண்டும் கூடுதலாக எழுதுவோம். ஏழு மதிப்பெண்ணுக்கு 'அல்லது' வினா. இந்தக் கூடுதல் கேள்விகளைப் பலரும் ப்ளூபிரிண்டுக்கு வெளியே, கையில் மிஞ்சியதை வைத்து நிரப்பிவிடுகிறார்கள்.

விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கூடுதல் நான்கையும் அறிவு, புரிதல் நிலையில், ஒளியியல் தவிர்த்த பாடங்களிலிருந்து எழுதியிருக்கிறோம் என்று கொள்வோம். ஒரு மாணவர் ஒளியியலைத் திறக்கவே இல்லை. நான்கு மதிப்பெண் பகுதியில் ஒளியியல் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற நான்கை எழுதுகிறார். இரண்டு மதிப்பெண் பகுதியில் ஒளியியல் ஒன்றை விடுகிறார், அங்கே இன்னொன்றையும் விட இடம் இருக்கிறது. அவருக்கு உண்மையில் கைவிட்டுப் போவது இரண்டு ஒரு மதிப்பெண் வினாக்கள்தான். 12 மதிப்பெண் பாடத்தை முழுதாக விட்டவர் 50-க்கு 48 வாங்க முடியும்.

இன்னொருவர் யோசிக்க வைக்கும் கேள்விகளைத் தவிர்க்கிறார். இரண்டு மதிப்பெண்ணில் பயன்பாடு ஒன்று, உயர்சிந்தனை ஒன்று, நான்கு மதிப்பெண்ணில் பயன்பாடு ஒன்று என 8 மதிப்பெண் அளவுக்கு ஒதுங்கிவிடலாம். நாம் 15 மதிப்பெண், அதாவது 30 சதவீதம் என்று திட்டமிட்டது அவருக்கு 7 மதிப்பெண், 14 சதவீதம் ஆகிவிட்டது. ஏழு மதிப்பெண் வினாவின் 'அல்லது' பக்கத்தில் முழுவதும் புத்தக விடையாக ஒரு கேள்வி வைத்திருந்தால் அந்த 7-இலும் 6 போய்விடும். ஃபைலில் உள்ள கட்டமோ இன்னும் அழகாக 30 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு நல்ல வழி எல்லாச் சாய்ஸையும் 'இது அல்லது அது' என்று ஜோடியாக வைப்பது. ஜோடியின் இரண்டும் ஒரே பாடம், ஒரே நிலை, ஒரே மதிப்பெண், அதாவது ஒரே கட்டம். உட்பகுதி மட்டும் வேறாக இருக்கலாம்: ஒளியியல் பயன்பாட்டு நான்கு மதிப்பெண்ணுக்கு ஒரு பக்கம் லென்சு சமன்பாட்டுக் கணக்கு, மறுபக்கம் கிட்டப்பார்வை உள்ளவருக்கு லென்சின் திறன் காணும் கணக்கு. எதை எழுதினாலும் கட்டம் கலையாது. விலை என்னவென்றால் 26 கேள்விகளுக்குப் பதில் 32 எழுத வேண்டும், தாளும் ஒரு பக்கம் நீளும்.

'ஏதேனும் ஆறு' என்ற அமைப்பை மாற்றவே முடியாது என்றால், கூடுதல் கேள்விகளை எந்தக் கட்டத்திலிருந்து மாணவர் தப்பக் கூடாதோ அந்தக் கட்டத்திலிருந்தே எழுதுங்கள். நம் தாளில் இரண்டு மதிப்பெண் பகுதியில் அறிவு மூன்று, புரிதல் ஒன்று, பயன்பாடு ஒன்று, உயர்சிந்தனை ஒன்று இருக்கிறது. கூடுதல் இரண்டில் ஒன்றைப் பயன்பாட்டிலும் ஒன்றை உயர்சிந்தனையிலும் வைத்தால், எளிய நிலையில் நான்கு கேள்விகள்தான் இருக்கும். ஆறு எழுத வேண்டியவர் மேல்நிலையிலிருந்து இரண்டையாவது தொட்டே ஆக வேண்டும். பலரும் செய்வது இதற்கு நேர் எதிர்: 'சுமாராகப் படிப்பவர்களுக்கு உதவட்டும்' என்று கூடுதலாக இரண்டு எளிய கேள்வி சேர்க்கிறார்கள். அந்த உதவியை அதிகம் பயன்படுத்திக்கொள்வது நன்றாகப் படிக்கும், ஆனால் கணக்கைக் கண்டால் ஒதுங்கும் மாணவர்தான். சுமாராகப் படிப்பவருக்கு உதவ 15 மதிப்பெண் அறிவுப் பகுதியே இருக்கிறது.

மூன்றாவது வழி கட்டாய வினா. பொதுத்தேர்வுத் தாளில் 22-ஆவது வினாவும் 32-ஆவது வினாவும் அப்படித்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பகுதிக்கு ஒரு கட்டத்தை மட்டும் காப்பாற்ற இது போதும், பாடப் பங்கீட்டைக் காப்பாற்றாது.

கட்டத்துக்கும் கேள்விக்கும் நடுவில் ஒரு பட்டியல்

கட்டம் முடிந்ததும் கேள்வி எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். கட்டத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி என்று ஒரு பட்டியல் போடுங்கள்: வினா எண், பாடம், உட்பகுதி, நிலை, மதிப்பெண், நிமிடம். 'உட்பகுதி' என்ற பத்தியை விட்டுவிட்டால் இயக்க விதிகளின் 4 மதிப்பெண்ணும் 2 மதிப்பெண்ணும் லிஃப்டிலேயே வந்து விழும். கட்டம் அதைக் காட்டிக்கொடுக்காது, அதற்குப் பாடத்தின் பெயர் மட்டும்தான் தெரியும். ஒரு கேள்வியின் விடை இன்னொரு கேள்வியிலேயே ஒளிந்திருப்பதும் இந்தப் பட்டியலில்தான் கண்ணில் படும். ஒரு மதிப்பெண்ணில் 'அவகாட்ரோ எண்ணின் மதிப்பு எது?' என்று கேட்டுவிட்டு, கணக்கில் அதே மதிப்பைக் கொடுத்துவைப்பது அடிக்கடி நடக்கிறது.

நம் தாளுக்கு இயக்க விதிகளின் வரிகள் இப்படி இருக்கலாம்: 7 மதிப்பெண்ணில் விசையின் சமன்பாடும் அதை வைத்து ஒரு கணக்கும், 4 மதிப்பெண்ணுக்கு விசையின் திருப்புத்திறன், புரிதல் 2 மதிப்பெண்ணுக்கு மூன்றாம் விதி, பயன்பாடு 2 மதிப்பெண்ணுக்கு லிஃப்ட், ஒரு மதிப்பெண்ணுக்கு நிலைமம். தாவரப் பாடத்தின் உயர்சிந்தனை 3 மதிப்பெண்ணுக்கு: 'ஒரு குறுக்குவெட்டில் சைலமும் ஃபுளோயமும் தனித்தனி ஆரங்களில் மாறி மாறி உள்ளன, சைலம் நான்கு முனைகளைக் கொண்டது, பித் இல்லை. இது எந்த உறுப்பு, எந்த வகைத் தாவரம்? ஒவ்வொரு முடிவுக்கும் எந்த அடையாளம் காரணம்?' இருவித்திலைத் தாவர வேரின் படத்தை வரையச் சொல்வதற்கும் இதற்கும் உள்ள தூரம்தான் அறிவுக்கும் உயர்சிந்தனைக்கும் உள்ள தூரம்.

கேள்வியோடு சேர்த்தே விடைக்குறிப்பையும் ஸ்டெப் மார்க்கையும் எழுதுங்கள். நிலை பொய்யாவது இங்கும் நடக்கும். மேலே உள்ள 3 மதிப்பெண்ணில் 'இருவித்திலை வேர்' என்ற விடைக்கே 2 மதிப்பெண், காரணத்துக்கு 1 என்று பிரித்தால், கேள்வி உயர்சிந்தனை, மதிப்பெண் அறிவுக்கு என்று ஆகிவிடும். விடைக்கு 1, காரணங்களுக்கு 2 என்று இருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் ப்ளூபிரிண்டைக் காட்டாமல் கேள்விகளை மட்டும் அதே பாடம் எடுக்கும் இன்னொரு ஆசிரியரிடம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பாடம், நிலை இரண்டையும் குறிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. அவர் குறித்ததும் உங்கள் பட்டியலும் எங்கே வேறுபடுகிறதோ அந்தக் கேள்வியைத்தான் பார்க்க வேண்டும். வேறுபாடு பெரும்பாலும் ஒரே திசையில் இருக்கும்: நீங்கள் பயன்பாடு என்றதை அவர் அறிவு என்பார், 'இதை நான் வகுப்பில் போட்டேனே' என்பார். அப்படி வந்தால் பெயரை மாற்றாதீர்கள், கேள்வியை மாற்றுங்கள்.

சில கட்டங்களுக்கு உருப்படியான கேள்வி அமையவே அமையாது. அணுக்களும் மூலக்கூறுகளும் பாடத்தில் உயர்சிந்தனை 2 மதிப்பெண்ணுக்கு 'சம நிறையுள்ள ஆக்சிஜனிலும் ஹைட்ரஜனிலும் மூலக்கூறுகள் சம எண்ணிக்கையில் இருக்கும் என்கிறார் ஒருவர். தவறு எங்கே?' என்று கேட்கலாம். ஒரே நிறையில் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் 16 மடங்கு அதிகம். ஆனால் இதையே ஏற்கெனவே வகுப்பில் பேசிவிட்டீர்கள் என்றால் அந்தக் கட்டம் வீண். அதை மட்டும் 'புரிதல்' என்று மாற்றினால் புரிதல் 22, உயர்சிந்தனை 3 என்று ஓரம் கலைந்துவிடும். செவ்வகத்தின் நான்கு மூலைகளையும் சேர்த்து நகர்த்துங்கள்: இந்தப் பாடத்தில் உயர்சிந்தனை 2 புரிதலுக்குப் போகட்டும், இயக்க விதிகளில் புரிதல் 2 உயர்சிந்தனைக்கு வரட்டும். பாடங்களின் கூட்டல் 16, 11 அப்படியே நிற்கும், நிலைகளின் கூட்டல் 20, 5 அப்படியே நிற்கும். காலியாகக் கிடந்த அந்தக் கட்டத்தில் 600, 500, 400 காட்டிய எடைக்கருவிக் கேள்வி வந்து உட்காரும். 2 மதிப்பெண்ணுக்கு ஏற்றபடி லிஃப்ட் போன திசையையும் அதற்கான காரணத்தையும் மட்டும் கேட்டால் போதும். அப்போது லிஃப்டில் இருந்த பயன்பாட்டு 2 மதிப்பெண்ணை உந்தத்துக்கு மாற்ற வேண்டும், இரண்டுக்கும் எழுதிவைத்த 'அல்லது' ஜோடிகளையும் அவற்றோடு சேர்த்து நகர்த்த வேண்டும்.